இருபது வேலை நாட்கள்: அவுஸ்திரேலியாவில் பாடம் தவறிய பிள்ளையும் அவனுடைய வீசாவும்

தம்புள்ளையிலும் அதனை அடுத்த கலேவெல, நாவுல முதலிய ஊர்களிலும், காணியை ஈடு வைத்தோ வங்கியில் கடன் பெற்றோ பிள்ளையை மெல்பேர்னுக்கோ சிட்னிக்கோ படிக்க அனுப்பிய குடும்பங்கள் இன்று பல இருக்கின்றன. மெல்பேர்னில் ஒரு கல்வி நிலையத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவில் சில காலம் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவன் என்பதை அறிந்து, அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த தாய் தகப்பன்மார் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: “தம்பி, பிள்ளை பாடத்தில் விழுந்துவிட்டான், வீசாவை ரத்துச் செய்து திருப்பி அனுப்பிவிடுவார்களா?” இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் விடை சொல்ல இயலாது என்பதாலும், அரைகுறையாகச் சொல்லப்பட்ட விடைகளே பல பிள்ளைகளைக் கெடுத்திருக்கின்றன என்பதாலும், விஷயத்தை ஆதியோடந்தமாக இங்கே எழுத முற்படுகிறேன்.

என் அனுபவத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்தில் தோல்வியடைந்த காரணத்தினால் மாத்திரம் எந்த மாணவனுடைய வீசாவும் அன்றே அற்றுப்போவதில்லை. தோல்விக்கும் வீசா ரத்துக்கும் இடையே சட்டம் பல படிகளை வைத்திருக்கிறது. அந்தப் படிகளில் ஒவ்வொன்றிலும் மாணவன் வாய் திறந்து பேசுவதற்கு உரிமையும் அவகாசமும் உண்டு. வீசாவை இழப்பவர்களில் நான் கண்டவர்கள் பெரும்பாலும் குறைந்த புள்ளி பெற்றவர்கள் அல்லர்; கடிதம் வந்தபோது வெட்கத்தினாலும் பயத்தினாலும் மௌனமாக இருந்துவிட்டவர்களே.

சட்டம் வகுத்த படிகள்

அவுஸ்திரேலிய மாணவர் வீசாவில் 8202 என்ற இலக்கமுடைய நிபந்தனை ஒன்று இருக்கிறது. மாணவன் பதிவுபெற்ற கற்கைநெறி ஒன்றில் இடைவிடாது சேர்ந்திருக்க வேண்டும், அந்தக் கல்வியில் திருப்திகரமான முன்னேற்றம் காட்ட வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். ‘திருப்திகரமான முன்னேற்றம்’ எது என்பதைத் தீர்மானிப்பது குடிவரவுத் திணைக்களம் அன்று, கல்வி நிலையமே. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்வி அளிக்கும் நிலையங்களைக் கட்டுப்படுத்தும் 2018ஆம் ஆண்டின் தேசியக் கோவையில் எட்டாம் நியமம் என்று ஒரு பகுதி உண்டு. மாணவன் பின்தங்குகிறான் என்று கண்டால் அவனை இனங்கண்டு, அவனுக்கு அறிவித்து, அவனுக்கு உதவியும் செய்ய வேண்டிய கடமையை அது கல்வி நிலையத்தின் மீது சுமத்துகிறது.

ஒவ்வொரு நிலையமும் இதற்கென ஒரு கொள்கையை எழுதி வைத்திருக்கும். பல இடங்களில் வழக்கிலுள்ள அளவுகோல் இது: ஒரு தவணையில் எடுத்த பாடங்களில் பாதியிலோ அதற்கு மேலோ தோற்றால் அந்த மாணவன் ஆபத்து நிலையில் இருப்பவன், அடுத்தடுத்த இரண்டு தவணைகளில் அவ்வாறு நிகழ்ந்தால் அவனது முன்னேற்றம் திருப்தியற்றது. முதல் தடவை வரும் கடிதம் எச்சரிக்கை மாத்திரமே. அதில் ஆலோசகரைச் சந்திக்கும்படியும், பாடச்சுமையைக் குறைப்பது, எழுத்துப் பயிற்சி வகுப்புக்குச் செல்வது போன்ற உதவித் திட்டமொன்றை ஏற்றுக்கொள்ளும்படியும் கேட்டிருப்பார்கள். இந்தக் கட்டத்தில் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஓர் எழுத்துக்கூடப் போவதில்லை.

இரண்டாவது தடவை வரும் கடிதம் வேறு வகையானது. ‘உமது முன்னேற்றம் திருப்தியற்றது என்று அரசாங்கத்துக்கு அறிவிக்க உத்தேசித்திருக்கிறோம், அதற்கு எதிராக மேன்முறையீடு செய்ய உமக்கு இருபது வேலை நாட்கள் அவகாசம் உண்டு’ என்பது அதன் சாராம்சம். அந்த இருபது வேலை நாட்களுக்குள் மாணவன் நிலையத்தின் உள் மேன்முறையீட்டைக் கோரினால், அது முடியும் வரையும், அதன் பின்னர் வெளி மேன்முறையீட்டுக்குச் சென்றால் அதுவும் முடியும் வரையும், பிரிஸ்ம்ஸ் என்று வழங்கும் அரசாங்கக் கணினிப் பதிவேட்டில் அவனைப் பற்றி முன்னேற்றக் குறைவு அறிக்கை இடுவதற்கு அந்த நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. அவன் ஒன்றும் செய்யாமல் அந்த நாட்களைக் கடத்திவிட்டால், அறிக்கை இடுவது அதன் கடமையாகிவிடுகிறது.

முன்னர் இவ்வளவு தயை இருக்கவில்லை. அறிவித்தல் கிடைத்த மாணவன் 28 நாட்களுக்குள் திணைக்களத்தில் ஆஜராகாவிட்டால் வீசா தானாகவே ரத்தாகும் முறை 2013 ஏப்ரல் வரையில் நடைமுறையில் இருந்தது. அதன் பின்னரே, அறிக்கை கிடைத்தாலும் அதிகாரி ஒருவர் சந்தர்ப்ப சூழ்நிலைகளை ஆராய்ந்து தீர்மானிக்கும் முறை வந்தது. பழைய காலத்தில் அங்கே படித்துத் திரும்பிய உறவினர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் அஞ்சி ஒளிவதற்கு இந்த மாற்றத்தை அறியாமையும் ஒரு காரணம்.

ஒரு மாணவனின் கணக்கு

விளங்கும்படி சொல்ல, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவருடைய மகனை உதாரணமாகக் கற்பித்துக்கொள்வோம். அவன் இரண்டு வருட முதுமாணிக் கற்கைநெறி ஒன்றில் 2025 பெப்ரவரியில் சேர்ந்தவன். மொத்தம் பதினாறு பாடங்கள், தவணைக்கு நான்கு. அவனுடைய சேர்க்கை உறுதிப் பத்திரம், அதாவது அங்கே எல்லோரும் சி.ஓ.ஈ. என்று சொல்வது, 2026 டிசம்பரில் முடிகிறது. வீசா 2027 மார்ச் வரை.

முதல் தவணையில் இரண்டு பாடங்களில் தேறினான், இரண்டில் தவறினான். ஜூலையில் எச்சரிக்கைக் கடிதம் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு வந்தது; களஞ்சியமொன்றில் இரவு வேலை செய்து பகலில் உறங்கிக்கொண்டிருந்த அவன் அதைத் திறக்கவில்லை. செப்டம்பரில் தகப்பனாருக்கு மாரடைப்பு ஏற்பட்டுத் தம்புள்ளை ஆதார வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். மகன் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டு வந்து, இரண்டு ஒப்படைகளையும் ஒரு தேர்வையும் தவறவிட்டுத் திரும்பிச் சென்றான். அந்தத் தவணையில் ஒரு பாடத்தில் மாத்திரம் தேறினான். 2025 டிசம்பர் 8ஆம் திகதி, திங்கட்கிழமை, இரண்டாவது கடிதம் வந்தது.

இப்போது நாட்களை எண்ண வேண்டும். சனி ஞாயிறுகளையும் டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகிய பொது விடுமுறைகளையும் நீக்கி, 9ஆம் திகதியிலிருந்து எண்ணினால் இருபதாவது வேலை நாள் 2026 ஜனவரி 8 ஆகும். ஒரு மாதம் என்று தோன்றினாலும், அலுவலகங்கள் நத்தாருக்காக மூடிக்கிடக்கும் காலம் இது; ஆலோசகரைச் சந்திப்பதற்கான நல்ல நாட்கள் கடிதம் வந்த முதல் இரண்டு வாரங்களே. இன்னொன்றையும் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்: டிசம்பரில் மெல்பேர்ன் நேரம் நமக்கு ஐந்தரை மணி முந்தியது. அங்கே மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும்போது இங்கே முற்பகல் பதினொன்றரை. கடைசி நாளில் தம்புள்ளையிலிருந்து மதிய உணவுக்குப் பின்னர் அனுப்பிய பத்திரம் அங்கே அலுவலகம் மூடிய பின்னரே போய்ச் சேரும்.

மேன்முறையீட்டை எப்படி எழுதுவது? ‘மன்னித்து இன்னொரு சந்தர்ப்பம் தாருங்கள்’ என்று இரக்கும் கடிதங்கள் பயன் தருவதில்லை. விசாரிக்கும் குழு மூன்று விஷயங்களையே தேடுகிறது. தோல்விக்குக் காரணம் மாணவனுடைய சக்திக்கு அப்பாற்பட்டதா, அதற்குச் சான்று உண்டா, அந்தக் காரணம் இப்போது நீங்கிவிட்டதா என்பனவே அவை. நம் மாணவனுக்கு இரண்டாம் தவணைக்கு நல்ல காரணம் இருக்கிறது. முதல் தவணைக்கு இல்லை. தகப்பனாரின் நோயை முதல் தவணைக்கும் சேர்த்து இழுத்து எழுதினால், திகதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் குழு மற்றவற்றையும் நம்ப மறுக்கும். ஆகவே முதல் தவணைத் தோல்விக்கு இரவு வேலையும் புதிய கல்விமுறையின் பரிச்சயமின்மையும் காரணம் என்று உள்ளபடி ஒப்புக்கொண்டு, இரவு வேலையை விட்டதற்கான அத்தாட்சியையும், எழுத்துப் பயிற்சிக்குப் பதிவு செய்த அத்தாட்சியையும் இணைப்பதே உத்தமம். அங்கே தவணைக் காலத்தில் மாணவர் வேலை செய்ய அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு, 2023 ஜூலையிலிருந்து, இரண்டு வாரங்களுக்கு 48 மணித்தியாலங்கள்; அந்த எல்லையை மீறியிருந்தால் அது தனியொரு வீசா நிபந்தனையின் மீறல் என்பதால், எதையும் எழுதுமுன் தகுதிபெற்ற குடிவரவுச் சட்ட ஆலோசகரைக் கலந்துகொள்வது அவசியம்.

செப்டம்பரில் நடந்ததற்குச் சான்று சேகரிப்பது தம்புள்ளையில் இருக்கும் குடும்பத்தின் வேலை. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் அதை அப்படியே பயன்படுத்தலாம். அதில் அனுமதித்த திகதியும் வெளியேறிய திகதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிரதி எடுக்கும்போது மடிப்பில் திகதி மறைந்துபோவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். நோயாளி தகப்பனார் என்பதை நிரூபிக்க மகனுடைய பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலமாக்கி மூலத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள வருகை முத்திரையும் விமானச் சீட்டும் மகன் இங்கே வந்த நாட்களைக் காட்டும். சொந்த நாட்டில் நேர்ந்த இயற்கை அனர்த்தமும் இத்தகைய நிர்ப்பந்தங்களில் ஒன்றாக ஏற்கப்படுவது வழக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது வீட்டையோ உறவினரையோ இழந்த குடும்பங்களின் பிள்ளைகள், கிராம உத்தியோகத்தர் எழுதிப் பிரதேச செயலகம் உறுதிப்படுத்திய கடிதத்தைத் திகதியுடன் பெற்று வைத்திருப்பது நல்லது.

குழு தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ‘தகப்பனார் நோயுற்றபோது ஏன் விசேட சலுகை கோரவில்லை?’ தேர்வையோ ஒப்படையையோ தவறவிட்டவர்கள் ஒரு சில வேலை நாட்களுக்குள் விண்ணப்பித்தால் பின்னொரு நாளில் அதைச் செய்ய அனுமதிக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. அதைக் கோராததே நம் மாணவனுடைய வழக்கின் பலவீனம். ஆயினும் எதிர்ப்பக்கத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது: ஜூலையில் எச்சரித்த பின்னர் கல்வி நிலையம் உண்மையில் என்ன உதவி செய்தது? கொள்கையில் எழுதிய உதவித் திட்டத்தை அது நடைமுறைப்படுத்தவில்லை என்றால் அதுவே பலமான வாதம். ‘கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை’ என்று மாத்திரம் சொல்வது அவ்வளவு எடுபடாது. முகவரி மாறினால் ஏழு நாட்களுக்குள் அறிவிப்பதும், மின்னஞ்சலைப் பார்ப்பதும் மாணவனுடைய பொறுப்பாகும்.

நிலையம் பத்து வேலை நாட்களுக்குள் விசாரணையை ஆரம்பிக்க வேண்டும். மாணவன் தனக்குத் துணையாக ஒருவரை அழைத்துச் செல்லலாம். முடிவைக் காரணத்துடன் எழுத்தில் தர வேண்டும். முடிவு பாதகமாயின், பல்கலைக்கழக மாணவர்கள் 2025 பெப்ரவரி 1 முதல் இயங்கும் தேசிய மாணவர் ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு வெளிநாட்டு மாணவர் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். ஒம்புட்ஸ்மன் விடைத்தாளைத் திருத்திப் புள்ளி போடுவதில்லை; நிலையம் தன் கொள்கைப்படி நியாயமாக நடந்ததா என்பதையே பார்ப்பார். புள்ளியில் பிழை என்று நம்புகிறவன் அதற்குரிய மறுபரிசீலனையை, அதற்குரிய குறுகிய தவணைக்குள், தனியாகக் கோர வேண்டும்.

வென்ற பின்னரும் உள்ள கணக்கு

நம் மாணவனுடைய மேன்முறையீட்டைக் குழு நிபந்தனைகளுடன் ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம்: அடுத்த தவணையில் மூன்று பாடங்கள் மாத்திரம், மாதந்தோறும் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். குடும்பத்தார் இத்துடன் ஆறுதலடைந்துவிடுகிறார்கள். ஆனால் காகிதமும் பென்சிலும் எடுக்க வேண்டிய தருணம் இதுதான். அவன் தேறியவை மூன்று, எஞ்சியவை பதின்மூன்று. சி.ஓ.ஈ.யில் மீதமிருப்பது இரண்டு தவணைகள், அதாவது எட்டுப் பாடங்களுக்கு மாத்திரம் இடம். மூன்று, நான்கு, நான்கு, இரண்டு என்று எடுத்து ஒவ்வொன்றிலும் தேறினாலும் 2027 டிசம்பரில்தான் முடியும்.

ஆகவே சி.ஓ.ஈ.யை நீட்டிக்க வேண்டும். நிர்ப்பந்தமான காரணம் சான்றுடன் இருந்தாலோ, உதவித் திட்டத்தின் கீழ் பாடச்சுமை குறைக்கப்பட்டிருந்தாலோ, அனுமதி பெற்ற விடுப்பு எடுத்திருந்தாலோ நீட்டிக்கலாம் என்று தேசியக் கோவை சொல்கிறது; அதனால்தான் உதவித் திட்டத்தில் கையெழுத்திட்ட காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். சி.ஓ.ஈ. நீண்டாலும் வீசா தானாக நீளாது. 2027 மார்ச்சில் பழைய வீசா முடியுமுன் புதிய வீசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூலையில் அதன் கட்டணம் 2,000 அவுஸ்திரேலிய டொலராக உயர்ந்தது. 2024 மார்ச்சிலிருந்து உண்மையான மாணவன் என்று காட்ட வேண்டிய கேள்விகளும் அதில் உண்டு. இரண்டு தவணைகளின் தோல்விக்கும், அதன் பின்னர் என்ன மாறியது என்பதற்கும் அங்கே மறுபடியும் விளக்கம் எழுத வேண்டும். தவறிய ஐந்து பாடங்களுக்கு மீண்டும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். பாடமொன்றுக்கு 4,000 டொலர் என்று கொண்டால் அது 20,000 டொலர். இந்தத் தொகையைக் கேட்ட பின்னர், கற்கையை நிறுத்திவிட்டு, தேறிய பாடங்களின் பெறுபேற்றுப் பத்திரத்துடன் அறிக்கை இடப்படுமுன் தானே எழுத்தில் விலகி நாடு திரும்புவதே உசிதம் என்று ஒரு குடும்பம் தீர்மானித்தால் அதில் அவமானம் எதுவுமில்லை. அது பிற்காலத்தில் வீசா கேட்பதற்கும் ரத்தான வீசாவைவிடப் பலமடங்கு நல்லது.

செய்யக்கூடாதவை

மேன்முறையீடு நடக்கும்போது வகுப்புக்குப் போகாமல் இருப்பதும், அடுத்த தவணைக்குப் பதிவு செய்யாமல் விடுவதும் முதல் தவறு. முன்னேற்றக் குறைவுக்கு எதிராக வாதாடிக்கொண்டிருக்கும்போதே ‘கற்கையைக் கைவிட்டான்’ என்ற வேறோர் அறிக்கைக்கு அது வழி திறந்துவிடும். இரண்டாவது தவறு, கஷ்டமான பாடத்தைத் தானாகவே நீக்குவது. கட்டணமும் தோல்விப் பதிவும் இல்லாமல் விலகுவதற்கு ஒவ்வொரு தவணையிலும் சென்சஸ் திகதி என்று ஒன்று இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் அது மார்ச், ஆகஸ்ட் மாத இறுதியில் வருகிறது. அதற்குள் விலகுவது புத்திசாலித்தனமே என்றாலும், வீசா மாணவன் சர்வதேச மாணவர் பிரிவின் அனுமதியை எழுத்தில் பெற்றே அதைச் செய்ய வேண்டும். தவறிய பாடங்களை எல்லாம் இணையவழியில் எடுத்து முடிக்கலாம் என்ற யோசனையும் செல்லாது. கற்கைநெறியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணையவழியில் படிக்க அந்தக் கோவை அனுமதிப்பதில்லை.

மூன்றாவது தவறுதான் மிகக் கொடியது. பிள்ளை தோற்றதை அறிந்த முகவர் யாராவது, ‘முதுமாணியை விட்டுவிடு, மலிவான சமையற்கலை டிப்ளோமாவில் சேர்த்துவிடுகிறேன், வீசா அப்படியே இருக்கும்’ என்பார். வீசா அப்படியே இராது. வீசா எந்தத் தரத்துக் கல்விக்காக வழங்கப்பட்டதோ அந்தத் தரத்திலோ அதற்கு மேலோ சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் அதே 8202ஆம் நிபந்தனையின் பகுதி. முதுமாணியிலிருந்து டிப்ளோமாவுக்கு இறங்குவது, புதிய வீசா பெறாவிட்டால், நிபந்தனையை மீறுவதாகும். பிரதான கற்கைநெறியின் முதல் ஆறு மாதத்துக்குள் வேறு நிலையத்துக்கு மாறுவதற்குப் பழைய நிலையத்தின் விடுவிப்பும் தேவை.

இந்த விதிகள் அவுஸ்திரேலியாவுக்கு உரியவை. மற்ற நாடுகளுக்கு அப்படியே பொருந்தா. அமெரிக்காவில் இளமாணி மாணவன் தவணைக்குப் பன்னிரண்டு கிரெடிட்டுக்கான பாடங்களை முழுமையாக எடுத்திருக்கும் வரை, அவற்றில் தோற்பதனாலோ கல்வி நன்னடத்தைக் காலத்தில் வைக்கப்படுவதனாலோ மாத்திரம் அவனுடைய எஃப்-1 அந்தஸ்து கெடுவதில்லை. சர்வதேச மாணவர் அதிகாரியின் முன்னனுமதி இல்லாமல் பன்னிரண்டுக்குக் கீழே இறங்குவதே அந்தஸ்தைக் கெடுக்கும். ஆனால் நன்னடத்தைக் காலத்தினால் ஏற்பட்ட தாமதத்தைக் காட்டிப் படிப்புக் காலத்தை நீட்டிக்க அந்நாட்டு விதி இடம் தருவதில்லை. அவுஸ்திரேலியாவில் உதவித் திட்டத்தின் மூலம் நீட்டிப்புப் பெற வழி உண்டு என்பதை இதனோடு ஒப்பிட்டால், உறவினர் ஒருவர் நியூயோர்க்கிலிருந்து சொல்லும் ஆலோசனையை மெல்பேர்னில் கடைப்பிடிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது புலப்படும்.

அறிக்கை போய்விட்டால்

எல்லா முறையீடுகளும் தோற்று, பிரிஸ்ம்ஸில் அறிக்கை பதிந்துவிட்டாலும், வீசா அக்கணமே ரத்தாவதில்லை. திணைக்களம் ரத்துச் செய்ய உத்தேசித்தால் முதலில் அதை அறிவித்து, பதில் எழுதக் கடிதத்தில் குறித்த சில நாட்களைத் தரும். அந்த அவகாசம் மிகக் குறுகியது; ஏற்கெனவே திரட்டிய சான்றுகள் கையில் இருந்தால்தான் அதற்குள் உருப்படியாகப் பதில் எழுத முடியும். இந்தக் கட்டத்தில் முகவரையோ நண்பரையோ நம்பாமல், அந்நாட்டில் பதிவுபெற்ற குடிவரவு முகவரையோ சட்டத்தரணியையோ நாடவேண்டும். ரத்தான பின்னர் நிர்வாக மீளாய்வு நியாயசபைக்குப் போகும் வழி உண்டு எனினும், ரத்து என்ற பதிவு பின்னர் எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் கேள்வியாக எழும்.

இங்குள்ள பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை எழுத்தில் சம்மதம் தராவிட்டால் பல்கலைக்கழகம் உங்களிடம் எதையும் சொல்லாது. எனவே உங்களுக்கு உண்மை தெரிய ஒரே வழி பிள்ளை சொல்வதுதான். முதல் தடவை பாடம் தவறியதைச் சொன்னபோது கடனைப் பற்றியும் ஊராரைப் பற்றியும் பேசி அவனை வாயடைக்கச் செய்த குடும்பத்துக்கு, இரண்டாவது கடிதம் வந்த செய்தி எட்டுவதில்லை. வீசா ரத்தானதைத்தான் அது கேள்விப்படும். ஆகவே தவணை முடிவு வெளிவரும் ஜூலையிலும் டிசம்பரிலும், ‘எத்தனை பாடம் எடுத்தாய், எத்தனையில் தேறினாய், பல்கலைக்கழகத்திலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா, வந்திருந்தால் அதில் என்ன திகதி போட்டிருக்கிறது?’ என்ற நான்கு கேள்விகளையும் கோபமின்றிக் கேளுங்கள். திகதி ஒன்றைச் சொன்னானாகில், அன்றைக்கே நாட்காட்டியை எடுத்து இருபது வேலை நாட்களை எண்ணி, வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டிய காரியங்களை நீங்கள் தொடங்கிவிடுங்கள்.